ஆர்.சி. புக்கின் மேல் கடன்: வண்டி வாசலில், பிடி வேறு கையில்

சொந்த வண்டியின் பதிவுச் சான்றைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, அதே வண்டியைத் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருப்பதே ஆர்.சி. புக் கடன். 'வண்டி மேல பணம் எடுக்கிறது' என்று பேச்சில் சொல்வார்கள். நிதி நிறுவனங்கள் இதை ரீஃபைனான்ஸ் என்கின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக் கடனோடு மேலும் கொஞ்சம் வாங்கினால் அது டாப்-அப். புது வண்டி வாங்கும் கடனில் பணம் நேராக டீலருக்குப் போய்விடும். இதில் பணம் வண்டிக்காரர் கைக்கே வரும். மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வேறு கடனை அடைக்கவோ எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்.

நகைக் கடனோடு ஒப்பிட்டால் இதன் தன்மை சட்டென்று விளங்கும். நகையை அடகு வைத்தால் நகை அடகுக்காரரின் பெட்டகத்துக்குள் போய்விடும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்லும் அடகு என்பது இதுதான்: பொருள் கைமாற வேண்டும். வண்டியை அப்படிப் பூட்டி வைத்தால் அது சம்பாதிக்காது, டியூவும் வராது. ஆகவே பொருளைக் கடனாளியிடமே விட்டுவிட்டு, அதன் மேல் ஓர் உரிமையை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளும் முறை வந்தது. அதன் பெயர் ஹைப்போதிகேஷன், ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் சுருக்கமாக எச்.பி.

பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இங்கேதான். ஆர்.சி. புக்கைக் கொடுத்ததால் புக்தான் அடமானம் என்று தோன்றும். அந்தக் காகிதத்துக்கோ இப்போது வரும் பிளாஸ்டிக் அட்டைக்கோ தனியாக ஒரு மதிப்பும் கிடையாது. அசல் தொலைந்தால் நகல் வாங்கலாம். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ உள்ள மின்னணுச் சான்றைச் சாலையில் காட்டினாலே சட்டப்படி செல்லும். ஈடாக நிற்பது வண்டி. அந்த ஈட்டை உறுதிப்படுத்துவது, அரசின் பதிவேட்டில் நிதி நிறுவனத்தின் பெயர் ஏறுவது. எந்தக் காகிதத்தை ஒப்படைத்தோம் என்பதைவிட எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம் என்பதே பின்னால் வரும் அத்தனையையும் தீர்மானிக்கிறது.

பதிவேட்டில் ஏறும் பெயர்

முறையான வழியில் முதல் வேலை வண்டியை மதிப்பிடுவது. நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவார், டயர், பாடி, ஓடிய கிலோமீட்டர், விபத்தில் அடிபட்டதா என்பதையெல்லாம் பார்த்துச் சந்தை விலை ஒன்றை எழுதுவார். அந்த விலை முழுவதும் கடனாகக் கிடைக்காது. வண்டியின் வயதையும், அந்த மாடல் எவ்வளவு சுலபமாக விலைபோகும் என்பதையும் வைத்து ஒரு பங்கைத்தான் தருவார்கள். காப்பீடு உயிரோடு இருக்க வேண்டும். வாடகை வண்டியானால் எஃப்.சி., பர்மிட், வரி மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். பழைய எச்.பி. ஏதாவது நீக்கப்படாமல் பதிவேட்டில் கிடந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். எட்டு வருடத்துக்கு முன் கட்டி முடித்த கடனின் எச்.பி.யை ரத்து செய்யாமல் விட்டவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள்.

அடுத்து ஒப்பந்தமும் படிவம் 34-ம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 51-ஆவது பிரிவுப்படி, ஏற்கெனவே பதிவான வண்டியின் மேல் கடன் ஒப்பந்தம் ஏற்பட்டால், உரிமையாளரும் கடன் தருபவரும் சேர்ந்து கையெழுத்திட்டு இந்தப் படிவத்தைப் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதன்பின் 'வாஹன்' தரவுத்தளத்தில் வண்டி எண்ணுக்கு எதிரே நிறுவனத்தின் பெயர் ஏறிவிடும். காப்பீட்டுப் பாலிசியிலும் அதே பெயர் சேர்க்கப்படும்.

உரிமையாளராகப் பதிவில் இருப்பவர் மாறுவதில்லை. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தும் வழிகள் ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் சம்மதம் குறுக்கே நிற்கும். வண்டியை விற்றுப் பெயர் மாற்ற அதன் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். பர்மிட் புதுப்பிக்கவும், நகல் ஆர்.சி. வாங்கவும், வேறு மாநிலத்துக்கு வண்டியை மாற்றவும் என்.ஓ.சி. கேட்டு எழுத வேண்டும். கோரிக்கை கிடைத்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்கிறது சட்டம். நடைமுறையில் இரண்டு டியூ பாக்கி வைத்திருக்கும் வாடகை வண்டிக்காரர் என்.ஓ.சி. கேட்கப் போனால், பாக்கியை முதலில் கட்டச் சொல்வார்கள். சீசிங்குக்கு ஆள் அனுப்பாமலே வண்டியை நிறுத்திவைக்க இது போதும்.

விபத்தில் வண்டி முழுதாக அழிந்தாலோ திருடு போனாலோ காப்பீட்டுப் பணம் முதலில் நிதி நிறுவனத்துக்கே போகும். கடன் பாக்கி போக மிஞ்சினால்தான் உரிமையாளருக்கு. பழைய வண்டியில் காப்பீட்டு மதிப்பு கடன் பாக்கியைவிடக் குறைவாக இருந்துவிட்டால், வண்டியும் போய், மிச்சக் கடனும் தலைமேல் நிற்கும்.

பதினைந்து எப்படி முப்பத்து மூன்றாகிறது

செலவைக் கணக்கிட, நான்கு சக்கரச் சரக்கு வண்டி ஒன்றை, ஊர் வழக்கில் குட்டி யானை ஒன்றை, எடுத்துக்கொள்ளலாம். ஆறு வருடம் ஓடிய வண்டி, மதிப்பீட்டாளர் எழுதிய விலை ₹3,20,000, கடன் ₹2,00,000, தவணைக் காலம் 24 மாதம். 'பதினைந்து பர்சென்ட் வட்டிதான் சார்' என்கிறார் புரோக்கர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது ஃபிளாட் வட்டி, அவ்வளவுதான்.

ஃபிளாட் கணக்கில் ₹2,00,000-க்கு ஆண்டுக்கு ₹30,000, இரண்டு ஆண்டுக்கு ₹60,000 வட்டி. அசலோடு சேர்த்து ₹2,60,000. அதை 24-ஆல் வகுத்தால் மாத டியூ ₹10,833. கணக்கு சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் இருபத்து நான்காவது மாதத்தில் கடனாளியிடம் மிச்சமிருக்கும் அசல் பத்தாயிரத்துச் சொச்சம்தான். அந்த மாதமும் முழு இரண்டு லட்சத்துக்கு வட்டி போட்டு வாங்கப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்ற முறையில் இதே டியூவைக் கணக்கிட்டால் வட்டி விகிதம் ஆண்டுக்கு 26.6 சதவீதம்.

இனி பிடித்தங்கள். நடைமுறைக் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., முத்திரைத்தாள், மதிப்பீட்டுச் செலவு, எச்.பி. பதிவுச் செலவு, கடனோடு சேர்த்துக் கட்டிவிடும் ஆயுள் காப்பீடு எல்லாம் சேர்ந்து ₹12,000 என்று வைத்துக்கொண்டால், கைக்கு வருவது ₹1,88,000. டியூவோ இரண்டு லட்சத்துக்குக் கணக்கிட்ட அதே ₹10,833. உண்மையில் கிடைத்த தொகையை வைத்துப் பார்த்தால் ஆண்டுச் செலவு 33.3 சதவீதம். பதினைந்து என்று கேட்டு வாங்கிய கடன் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. இதில் எந்த இடத்திலும் யாரும் சட்டத்தை மீறவில்லை.

இந்தக் கணக்கைக் கடனாளியே போட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் தவணைக் கடன்களுக்குக் கே.எஃப்.எஸ். என்ற விவரத் தாளை முன்கூட்டியே தர வேண்டும். எல்லாப் பிடித்தங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதம், ஏ.பி.ஆர்., அதில் ஒரே எண்ணாக இருக்கும். கடனாளிக்குப் புரியும் மொழியில் தாள் இருக்க வேண்டும். படித்துப் பார்த்து முடிவெடுக்க மூன்று வேலை நாளாவது அவகாசம் தர வேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தைப் பிறகு அவர் சம்மதமில்லாமல் வசூலிக்கக் கூடாது. இரண்டு நிறுவனங்களை ஒப்பிட நினைப்பவர் புரோக்கர் சொல்லும் வட்டியையும் டியூவையும் விட்டுவிட்டு இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே போதும். கையெழுத்துப் போடும் இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுக்கும் அலுவலகங்களில் இந்தத் தாளும் கட்டுக்குள் ஒன்றாகப் புரண்டு போய்விடுவது வேறு விஷயம்.

முன்கூட்டியே கடனை முடிப்பதிலும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. மேலே சொன்ன கடனில் 12 டியூ கட்டியவர் ₹1,30,000 செலுத்தியிருப்பார். பாதிக் காலம் முடிந்தது, பாதி அசல்தான் மிச்சம், ஒரு லட்சத்தோடு முடித்துவிடலாம் என்று நினைத்துப் போனால் கணினி காட்டும் அசல் பாக்கி சுமார் ₹1,13,000. ஆரம்ப மாதங்களில் டியூவின் பெரும் பகுதியை வட்டி தின்றுவிடுவதே காரணம்: முதல் மாத ₹10,833-ல் ₹4,430 வட்டி. இதன்மேல் 5 சதவீத முன்முடிப்புக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் ஏறக்குறைய ₹1,19,700. தொடர்ந்து கட்டினால் ₹1,30,000 கட்ட வேண்டியவருக்கு மிச்சமாவது பத்தாயிரம் சொச்சம் மட்டுமே. அதற்காக வெளியில் அதிக வட்டிக்கு வாங்கி இதை அடைப்பவர் நஷ்டப்படுவார்.

டியூ தவறும்போது

வண்டி சம்பாதித்துத்தான் டியூ கட்ட வேண்டும் என்ற நிலையில் உள்ளவருக்கு முதல் தவறு பெரும்பாலும் வண்டியிலிருந்தே வருகிறது. என்ஜின் வேலைக்கு வண்டி பதினைந்து நாள் பட்டறையில் நிற்கும். செலவு ஒரு பக்கம், வருமானம் இல்லாதது மறுபக்கம். வங்கிக் கணக்கில் பணமில்லாமல் டியூ திரும்பினால் வங்கியும் நிதி நிறுவனமும் தனித்தனியே கட்டணம் போடும். தாமதத்துக்கான அபராதத்தை வட்டியாகச் சேர்த்து, அதற்கும் வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் தடுத்துவிட்டது. அபராதம் தனிக் கட்டணமாக மட்டுமே இருக்கலாம்.

பாக்கி நீண்டால் சீசிங். ஒப்பந்தத்திலேயே வண்டியை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கும். கடனாளி அதில் கையெழுத்திட்டிருப்பார். அந்த அதிகாரத்தை நீதிமன்றங்கள் மறுக்கவில்லை, பயன்படுத்தும் விதத்தைத்தான் கட்டுப்படுத்தியிருக்கின்றன. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம், அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்குவதைக் கடுமையாகக் கண்டித்தது. எப்போது, எத்தனை நாள் நோட்டீஸுக்குப் பின் வண்டி எடுக்கப்படும், விற்பதற்கு முன் பணம் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு எப்படித் தரப்படும், விற்பனை எப்படி நடக்கும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கி விதி. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. நோட்டீஸ் இல்லாமல் நடுச்சாலையில் சாவியைப் பிடுங்கினால் ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவே கடனாளிக்குச் சாதகமான ஆவணம்.

வண்டி யார்டுக்குப் போனபின்தான் கணக்கு வேகமாக ஏறும். மேலே பார்த்த குட்டி யானையே 12 டியூ கட்டி, அடுத்த மூன்றைத் தவறவிட்டுப் பிடிபட்டது என்று கொள்வோம். அசல் பாக்கி ₹1,13,000. மூன்று மாத வட்டி ஏழாயிரத்துச் சொச்சம். திரும்பிய டியூக்களுக்கான கட்டணம், அபராதம், சீசிங் செலவு, யார்டு வாடகை எல்லாம் சேர்ந்து மொத்தம் ₹1,35,000 ஆகிறது. மதிப்பீட்டாளர் ஒன்றேகால் வருடத்துக்கு முன் ₹3,20,000 எழுதிய வண்டிதான். ஆனால் யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்ற, பேட்டரி இறங்கிய, எஃப்.சி. முடியப்போகும் வண்டிக்கு ஏலத்தில் வரும் விலை வேறு. ₹1,20,000-க்குப் போனால், கடனாளி வண்டியை இழந்து, இன்னும் ₹15,000 பாக்கிக்காரராகவும் நிற்பார். ஜாமீன் போட்டவருக்கும் நோட்டீஸ் போகும். ₹1,60,000-க்குப் போனால் மிஞ்சும் ₹25,000 கடனாளிக்குச் சேர வேண்டியது. இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு, காரணம் விற்ற கணக்கை எழுத்தில் கேட்க வேண்டும் என்று தெரியாததுதான். வண்டியை எடுக்கும்போது அதன் நிலையையும் உள்ளே இருந்த பொருள்களையும் எழுதிய பட்டியலில் ஒரு நகல் வாங்கி வைத்திருந்தால், ஸ்டெப்னியும் ஸ்டீரியோவும் யார்டில் காணாமல் போனால் பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

இந்த நிலைக்கு வருவதற்கு முன்பே, நிறுவனத்தின் சம்மதத்தோடு வண்டியைத் தானே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைப்பது சாத்தியம். வாங்குபவர் பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டுவார், நிறுவனம் என்.ஓ.சி. தரும், மிச்சம் உரிமையாளருக்கு. யார்டு ஏலத்துக்கும் இதற்கும் இடையே விலையில் பெரிய வித்தியாசம் வரலாம். இரண்டாவது டியூ தவறியதுமே இதை யோசிப்பவருக்குத்தான் நேரம் இருக்கும். சம்மதமில்லாமல் விற்பது ஒப்பந்த மீறல்.

முதல் டியூ தவறும் வரை காத்திருக்காமல் ஒளித்துவைக்கிற பழக்கமும் உண்டு: வண்டியை வேறு ஊரில் உறவினர் வீட்டில் நிறுத்திவிடுவது. இதனால் பயன் குறைவு. ஆர்.சி.யை மறைத்து வைப்பதாலும் பயனில்லை. வண்டியைக் கைப்பற்றிய பிறகும் ஆர்.சி.யைத் தராமல் உரிமையாளர் மறுத்தாலோ தலைமறைவானாலோ, அவருக்கு நோட்டீஸ் கொடுத்து வாய்ப்பளித்துவிட்டு, பழைய ஆர்.சி.யை ரத்து செய்து நிறுவனத்தின் பெயரிலேயே புது ஆர்.சி. வழங்கப் பதிவு அலுவலருக்கு 51-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது.

பதிவேட்டில் ஏறாத கடன்

இவ்வளவும் முறையான வழி. இன்னொரு வழி ஊர் ஃபைனான்ஸ். மதிப்பீட்டாளர் இல்லை, படிவம் 34 இல்லை, விவரத் தாள் இல்லை. ஆர்.சி. புக்கைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பணம். வட்டி நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம்; அதைவிட முக்கியம், மாதா மாதம் கட்டுவது வட்டி மட்டும்தான். ஒரு லட்சம் வாங்கியவர் மாதம் ₹3,000 வீதம் இரண்டு வருடத்தில் ₹72,000 கட்டியிருப்பார். லட்சம் அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடை செய்யும் சட்டம் 2003 முதல் உள்ளது என்றாலும், அவசரக்காரருக்கு இந்த வாசல்தான் முதலில் திறக்கிறது.

இங்கே பதிவேட்டில் எச்.பி. ஏறாததால் ஃபைனான்ஸ்காரருக்குச் சட்டப்படி வண்டியின் மேல் வெளியே தெரியும் பிடி ஏதும் கிடையாது. வண்டிக்காரர் ஆர்.சி. தொலைந்துவிட்டது என்று பொய்ப் புகார் கொடுத்து நகல் வாங்கி வண்டியை விற்றுவிடலாம். அது குற்றம், ஆனாலும் நடக்கிறது. இந்தப் பயத்துக்கு மாற்றாகத்தான் தேதியில்லாத செக், தொகை எழுதாத புரோநோட்டு, இரண்டாவது சாவி ஆகியவற்றோடு, நிரப்பாத படிவம் 29, 30-ல் கையெழுத்தும் வாங்கப்படுகிறது. 29 என்பது வண்டியை விற்றுவிட்டேன் என்று விற்பவர் கொடுக்கும் அறிவிப்பு. 30 என்பது பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். கடன் வாங்குவதற்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இவற்றை நிரப்பினால் கடன் விற்பனையாக மாறிவிடும்: இரண்டு லட்சம் பெறும் வண்டியை அறுபதாயிரத்துக்கு 'விற்றதாக' காகிதம் பேசும். இப்போது பெயர் மாற்றம் இணையவழியில் நடப்பதால் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் கையெழுத்துக்குச் சமம். வட்டி கட்டப் போன இடத்தில் 'ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க' என்று கேட்டால் எதற்கு என்று கேட்க வேண்டிய இடம் அது.

பெயர் மாற்றாமலே வண்டி கைமாறுவது இதைவிட மோசம். பாக்கிக்காக வண்டியை எடுத்த ஃபைனான்ஸ்காரர் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார், அவர் இன்னொருவருக்கு. பதிவேட்டில் பெயர் மட்டும் பழையவருடையது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இப்படிப் பல கை மாறிய வண்டி விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீடு முடிந்துபோன வண்டியானால் இழப்பீடு முழுவதும் அவர் சொந்தப் பணத்திலிருந்து போக வேண்டும். வண்டியைக் கடனுக்கு விட்டுக்கொடுத்து மறந்தவர், அது மூன்றாவது மாவட்டத்தில் யாரையோ இடித்ததற்கு நீதிமன்றச் சம்மன் வாங்குவது இப்படித்தான்.

முறையான நிறுவனத்திலும் நிரப்பாத 29, 30 படிவங்களில் கையெழுத்துக் கேட்பதுண்டு. கையெழுத்திடும் முன் 34-ஆ, 29-ஆ, 30-ஆ என்று மேலே அச்சிட்ட எண்ணைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

எச்.பி. கேன்சல்

கடைசி டியூ கட்டியதோடு கடன் முடிகிறது. பதிவேட்டில் பெயர் அப்படியே இருக்கும். நிறுவனம் என்.ஓ.சி.யும், அதன் கையெழுத்து முத்திரையோடு படிவம் 35-ம் தர வேண்டும். அதைக் காப்பீடு, ஆர்.சி. ஆகியவற்றோடு பதிவு அலுவலகத்தில் கொடுத்தால் எச்.பி. நீங்கும். என்.ஓ.சி.யில் பெரும்பாலும் மூன்று மாதக் கெடு இருக்கும். அலமாரியில் வைத்து மறந்தால் மீண்டும் அலைந்து புதிது வாங்க வேண்டும். கடன் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தராமலோ பதிவான உரிமையை நீக்காமலோ நிறுவனம் தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு ₹5,000 இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி தனிநபர் கடன்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது.

என்.ஓ.சி. மறுக்கப்படும் ஒரு சந்தர்ப்பத்தைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. தன் கடன் பைசா பாக்கியில்லாமல் அடைந்திருக்கும். ஆனால் மச்சானின் லாரிக் கடனுக்கு அதே நிறுவனத்தில் ஜாமீன் போட்டிருப்பார், அது பாக்கியில் இருக்கும். எல்லாக் கணக்குக்கும் இந்த வண்டி ஈடு என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கோ சிறிய எழுத்தில் இருக்கும். முதல் நாள் கையெழுத்திடும்போது கேட்டு நீக்கச் சொல்ல வேண்டிய வரி அது.

என்.ஓ.சி.யைக் கொடுத்த சில நாள் கழித்து எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால், ஃபைனான்சியர் என்ற இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே பெயர் இன்னும் தெரிந்தால் மனு அலுவலகத்தில் எங்கோ நிற்கிறது என்று பொருள். காப்பீட்டுப் பாலிசியில் உள்ள நிறுவனத்தின் பெயர் தானாக நீங்காது. அதற்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்து வைத்திருந்த செக்குகள், இரண்டாவது சாவி, கையெழுத்திட்ட வெற்றுத் தாள்கள் ஆகியவற்றை எண்ணித் திரும்ப வாங்கி, வங்கியில் தானியங்கிப் பிடித்தத்துக்குக் கொடுத்திருந்த அனுமதியையும் ரத்து செய்தபின்தான் வண்டியின் பிடி முழுதாக உரிமையாளர் கைக்குத் திரும்புகிறது.